‘ஷுய்’ என்று எழுதலாமா? திரைக்கு வந்த பேச்சுப் பிரெஞ்சு

புதுச்சேரி சாரத்தில் ஒரு வீடு. பெரியவர் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர். தங்கை பிள்ளை பாரிசின் புறநகர் ஒன்றில் வேலை பார்க்கிறான். அவனிடமிருந்து வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

```
slt tonton, chuis ds le train
t'as eu maman au tel ?
y a plus de place pr dimanche, dsl
```

பெரியவர் பள்ளியில் பிரெஞ்சை முறையாகப் படித்தவர். வினைச்சொல்லின் எல்லா வடிவங்களையும் மனப்பாடமாக ஒப்பித்த தலைமுறை. ஆனாலும் இந்த மூன்று வரிகளில் தட்டுத்தடுமாறாமல் படிக்க முடிவது ‘train’, ‘maman’, ‘dimanche’ போன்ற சில சொற்களைத்தான். ‘chuis’ எந்த அகராதியில் இருக்கிறது? ‘t'as’ என்பது எந்த இலக்கணம்? கடைசி வரி இடம் இல்லை என்கிறதா, இன்னும் இடம் இருக்கிறது என்கிறதா?

கற்பனைச் செய்திதான். ஆனால் இந்த ஊரில் இதற்கு அடிப்படை இருக்கிறது. 1954 நவம்பர் 1ஆம் தேதி புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1956இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி சட்டப்படியான கைமாற்றம் முடிந்தது. விரும்பியவர்கள் குறிப்பிட்ட காலத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. அப்படித் தக்கவைத்துக்கொண்ட குடும்பங்களின் வாரிசுகள் இன்று ஒரு காலை இங்கேயும் மறு காலைப் பிரான்சிலும் வைத்திருக்கிறார்கள். இவர்கள் எல்லாரும் கடலோரத்து வெள்ளை நகரத்தில் இருப்பதாக வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வதுண்டு. சாரம் போன்ற தமிழ்ப் பகுதிகளிலும், காமராசர் சாலையை ஒட்டிய தெருக்களிலும் அவர்கள் உண்டு.

இங்கே வேரூன்றிய பிரெஞ்சு பெரும்பாலும் பள்ளி, நீதிமன்றம், அலுவலகம், தேவாலயம் வழியாக வந்தது. 1826இல் தொடங்கிய பிரெஞ்சு லிசேயும் 1889இல் தொடங்கிய அலியான்ஸ் பிரான்சேசும் சொல்லித் தந்தது எழுத்துப் பிரெஞ்சை. புள்ளி வைத்து, கமா வைத்து, ஒரு எழுத்தையும் விழுங்காத மொழி அது. பாரிசில் ரொட்டிக் கடைக்காரர் பேசுவது வேறு. சான்றிதழோடு விமானம் ஏறிப் போன பிள்ளைகள் முதல் வாரம் காது கேளாதவர்கள் போல நிற்பதற்குக் காரணம் பேச்சின் வேகம் மட்டும் இல்லை. அவர்கள் எதிர்பார்க்கிற அசைகள் அங்கே ஒலிப்பதே இல்லை.

தமிழருக்கு இந்த நிலைமை புதிதல்ல. ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று எழுதிவிட்டு ‘வந்துனு இருக்கேன்’ என்று பேசுகிறவர்கள் நாம். ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பே பேச்சுத்தமிழை அப்படியே தாளில் இறக்கியதுதான். நமக்கு இரண்டு தமிழ் என்பது சின்ன வயதிலேயே தெரிந்துவிடுகிறது. பிரெஞ்சுக்காரர்களின் பள்ளிக்கூடமோ மொழி ஒன்றுதான் என்று சொல்லி வளர்க்கிறது. பேச்சில் விழுவதெல்லாம் சோம்பல், கவனக்குறைவு என்று திட்டு வாங்கியே அவர்கள் வளர்கிறார்கள். பேராசிரியரும் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ‘t'as’ என்றுதான் சொல்கிறார் என்பது வேறு விஷயம்.

முதலில் அந்த ‘t'as’. முழு வடிவம் ‘tu as’, உனக்கு இருக்கிறது, உன்னிடம் உண்டு. ‘துய் ஆ’ என்று இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து வருகின்றன. வேகத்தில் முதல் உயிர் விழுந்து ‘தா’ ஆகிறது. தமிழ்ப் புணர்ச்சியில் ‘நாடு’ என்பதோடு ‘ஆறு’ சேரும்போது உகரம் ஓடிப்போகிற மாதிரிதான். பிரெஞ்சு இலக்கணமும் இந்த வேலையை அனுமதிக்கிறது. ‘je’ என்பது ‘j'ai’ ஆகலாம், ‘le’ என்பது ‘l'ami’ ஆகலாம். ஆனால் அனுமதிக்கப்பட்ட சொற்களின் பட்டியலில் ‘tu’ இல்லை. அதனால் ‘j'ai’ பாடப்புத்தகத்தில் இடம்பெற, அதே காரியத்தைச் செய்த ‘t'as’ தெருவில் நிற்கிறது. ஒலியளவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் ஏட்டில்தான்.

இதற்கும் ஒழுங்கு உண்டு. அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால்தான் ‘tu’ வழக்கமாகச் சுருங்கும். ‘t'es’, ‘t'avais’, ‘t'aimes’, ஒலிக்காத h-இல் தொடங்கும் ‘t'habites’ எல்லாம் சரி. ‘tu vas’ என்பதை ‘t'vas’ என்று புதிதாகக் கற்றவர்கள் சிலர் எழுதுவதுண்டு. பிரெஞ்சுக்காரர் காதில் அது ஒட்டாது, ஏனென்றால் அங்கே விழுந்தாக வேண்டிய நெருக்கடி எதுவும் இல்லை.

எழுத்து விழுந்த இடத்தில் போடும் இந்தச் சின்ன மேற்கொம்பில் ஒரு பொறி இருக்கிறது. ‘t'’ என்பது எழுவாயான ‘tu’வாகவும் இருக்கலாம், ‘உன்னை’, ‘உனக்கு’ என்ற பொருளில் வரும் ‘te’யாகவும் இருக்கலாம். ‘t'as vu’ என்றால் நீ பார்த்தாய். ‘il t'a vu’ என்றால் அவன் உன்னைப் பார்த்தான். இரண்டு இடத்திலும் ஒலி ‘தா’ ஒன்றுதான். கடைசியில் நிற்கும் ஊமை s-தான் யார் யாரைப் பார்த்தது என்று சொல்கிறது. பிரான்சில் பிறந்து வளர்ந்தவர்களே ‘t'a vu le film ?’ என்று s இல்லாமல் தட்டிவிடுகிறார்கள். ‘t'es’ எழுத வேண்டிய இடத்தில் ‘tes’ (உன்னுடையவை) என்றோ ‘t'est’ என்றோ விழுவதும் அன்றாடம் நடப்பது. சோதிக்க எளிய வழி, சுருக்கத்தை விரித்துப் பார்ப்பது. ‘tu as’ என்று விரித்தும் வாக்கியம் நிற்கிறதென்றால் s வேண்டும். இந்த விஷயத்தில் இலக்கணம் படித்துத் தேறிய புதுச்சேரிப் பெரியவர்களே பாரிஸ் பிள்ளைகளைவிடத் தேவலாம்.

‘y a’ இன்னும் பழைய கதை. முழு வடிவம் ‘il y a’, இருக்கிறது. பேச்சில் முதலிலுள்ள ‘il’ மறைந்து ‘யா’ மட்டும் மிஞ்சுகிறது. இதை இக்கால இளைஞர்களின் தலையில் கட்டுகிறவர்கள் 400 ஆண்டு பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். 1601இல் பிறந்த இளவரசன், பிற்பாடு பதின்மூன்றாம் லூயி மன்னன், சிறுவயதில் பேசியதை அவனுடைய மருத்துவர் ழான் எரோவார் தன் நாட்குறிப்பில் காதில் விழுந்தபடியே எழுதி வைத்தார். அரண்மனைக் குழந்தையின் பேச்சிலேயே ‘il’ என்பது வெறும் ‘இ’யாகத்தான் வருகிறது. பிரான்சுவா மர்த்தேன் 1674இல் புதுச்சேரியில் கால் ஊன்றியபோது, அவரோடு வந்தவர்களும் ஏறக்குறைய அப்படித்தான் பேசியிருப்பார்கள். மெய்யெழுத்துக்கு முன்னால் ‘il’இன் l-ஐ ஒலிப்பது பிற்காலத்தில் எழுத்தைப் பார்த்துத் திருத்திக்கொண்ட பழக்கம்.

இதற்குச் சாட்சி இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. மொரீஷியஸ் கிரியோலில் ‘இருக்கிறது’ என்பதற்கு ‘ena’ என்ற சொல். அது ‘il y en a’ என்பதிலிருந்து வந்தது. ‘il’ அதில் எங்கே? கிரியோல் உருவான பதினெட்டாம் நூற்றாண்டில் மாலுமிகளும் குடியேறியவர்களும் அதைச் சொல்லவே இல்லை. ஆகவே அவர்களிடம் கேட்டுக் கற்றவர்களுக்கும் அது போய்ச் சேரவில்லை. அந்தத் தீவை ஆண்ட லபோர்தனே 1735க்குப் பிறகு புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களைக் கூட்டிப்போனார். அவர் பெயரில் இன்றும் இங்கே ஒரு வீதி உண்டு. ஏட்டுப் பிரெஞ்சு புதுச்சேரியின் பள்ளிகளில் ஏறுவதற்கு வெகு முன்பே, காதால் கற்ற பிரெஞ்சோடு தமிழர் அங்கே பழகிவிட்டார்கள்.

எழுதும்போது ‘y a’ மூன்று உருவங்களில் வருகிறது: ‘y a’, ‘ya’, ‘y'a’. திரையில் மூன்றாவதும் அடிக்கடி கண்ணில் படும். நடுவில் இருக்கும் மேற்கொம்பு எதையாவது விழுங்கியதற்கு அடையாளம். ஆனால் y-க்கும் a-வுக்கும் நடுவே எதுவுமே விழவில்லை, விழுந்தது முன்னாலிருந்த ‘il’. இலக்கணப்படி அது தவறு. ஆனாலும் ‘சுருக்கம் என்றால் மேற்கொம்பு’ என்று கை பழகிவிட்டதால் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ‘faut y aller’ (போயாக வேண்டும்) என்பதிலும் முன்னால் ஒரு ‘il’ காணாமல் போயிருக்கிறது. அங்கே யாரும் மேற்கொம்பைத் தேடுவதில்லை.

சாரத்துப் பெரியவரை மெய்யாகவே குழப்பியது ‘y a plus de place’. எழுத்துப் பிரெஞ்சில் மறுப்புக்கு இரண்டு காவலர்கள் உண்டு. வினைக்கு முன்னால் ‘ne’, பின்னால் ‘pas’ அல்லது ‘plus’. ‘il n'y a plus de place’ என்றால் இனி இடம் இல்லை. பேச்சில் முன்காவலன் ‘ne’ போய்விடுகிறான். வில்லியம் ஆஷ்பி என்ற மொழியியலாளர் தூர் நகரத்தில் 1976இலும் 1995இலும் மக்களின் பேச்சைப் பதிவு செய்து எண்ணிப் பார்த்தார். முதல் தடவை ‘ne’ வரவேண்டிய இடங்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக வந்தது. இரண்டாவது தடவை ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதாவது இருபது ஆண்டுக்குள் பாதியாகிவிட்டது.

‘ne’ போன பிறகு மறுப்பின் பாரம் முழுவதும் ‘plus’ தலையில். அந்தச் சொல்லுக்கோ ‘இன்னும் அதிகம்’ என்றும் பொருள். பேச்சில் சிக்கல் இல்லை. ‘இனி இல்லை’ என்றால் கடைசி s ஒலிக்காது, ‘ப்லுய்’. ‘அதிகம்’ என்றால் பெரும்பாலும் ஒலிக்கும், ‘ப்லுய்ஸ்’. ஆனால் தட்டச்சில் இரண்டும் ஒரே எழுத்து. ஞாயிறுக்கு இடம் தீர்ந்துவிட்டது என்றும் படிக்கலாம், கூடுதல் இடம் இருக்கிறது என்றும் படிக்கலாம். காப்பாற்றுவது கடைசியில் உள்ள ‘dsl’. அது ‘désolé’, மன்னிக்கவும். இடம் அதிகமாக இருந்தால் யாரும் மன்னிப்புக் கேட்க மாட்டார்கள். அந்த ஒரு வாலும் இல்லாவிட்டால், போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது. பிரெஞ்சுக்காரர்களே அப்படிச் செய்வதுண்டு. சிலர் ஐயம் வராமலிருக்க ‘+ de place’ என்று கூட்டல் குறி போடுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், ‘இல்லை’ என்பதற்கும் சிலர் அதே குறியைப் போட்டுவிடுகிறார்கள்.

இனி ‘chuis’. மூன்றில் கண்ணுக்கு மிக அந்நியமாகத் தெரிவதும் ஒலியியல்படி மிக ஒழுங்காக நடப்பதும் இதுதான். தொடக்கம் ‘je suis’, நான் இருக்கிறேன். முதல் படியில் ‘je’யின் மெல்லிய e விழுகிறது, ‘j'suis’. இப்போது j-உம் s-உம் முட்டிக்கொள்கின்றன. j குரல்நாண் அதிர்வோடு வரும் ஒலி, s அதிர்வில்லாத ஒலி. அடுத்தடுத்து நின்றால் பின்னால் வருவது முன்னால் இருப்பதைத் தன் பக்கம் இழுக்கும். அதிர்வை இழந்த j, ‘ஷ்’ ஆகிவிடும். மூன்றாவது படியில் ‘ஷ்’க்கும் ‘ஸ்’க்கும் நாக்கு அநேகமாக ஒரே இடத்தில் நிற்பதால் இரண்டும் கரைந்து ஒன்றாகின்றன, ‘ஷுய்’. அந்த ‘ஷ்’ ஒலிக்குப் பிரெஞ்சில் எழுத்து ch. ஆகவே ‘chuis’. ‘je sais pas’ (எனக்குத் தெரியாது) இதே வழியில் ‘chais pas’, சிலர் கையில் ‘chépa’.

தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பார்த்தால் விதி விளங்கிவிடும். p, t, k, f, s போன்ற அதிர்வில்லாத ஒலிக்கு முன்னால் சுருங்கிய ‘je’, ‘ஷ்’ ஆகும். ‘je pense’ பேச்சில் ‘ஷ்பான்ஸ்’ என்றும் ‘je crois’ ‘ஷ்க்ருவா’ என்றும் விழும். ‘je vais’, ‘je dis’ போன்றவற்றில் v-யும் d-யும் அதிர்வுள்ளவை. அங்கே j அப்படியே நிற்கும். ஆகவே ‘chvais’ என்று எழுதினால், பேச்சுவழக்கைக் காட்டுவதாக நினைத்து இல்லாத ஒன்றைக் காட்டியதாகிவிடும். கற்றுக்கொள்கிறவர்கள் இந்த இடத்தில்தான் பிடிபடுவார்கள்.

ஒலி இவ்வளவு பரவலாக இருந்தும் எழுத்தில் மூன்றின் மதிப்பு ஒன்றல்ல. ‘t'as’, ‘y a’ இரண்டும் நாவல் உரையாடல்களிலும் படக்கதைகளிலும் கண்ணை உறுத்தாமல் வருகின்றன. ‘chuis’ அப்படி இல்லை. தினமும் நூறு முறை ‘ஷுய்’ என்கிற ஆளே எழுதும்போது ‘je suis’ என்றோ, அவசரமென்றால் ‘jsuis’ என்றோதான் தட்டுகிறார். ‘chuis’ என்று எழுதும்போது ‘பார், நான் இப்படித்தான் பேசுவேன்’ என்ற ஒரு சின்ன நடிப்பும் சேர்ந்துகொள்கிறது. காரணம் கண்தான். ‘t'as’இல் மூலச் சொற்கள் தெரிகின்றன. ‘chuis’இல் ‘je’ என்ற சொல்லே உருவம் தெரியாமல் போய்விடுகிறது.

பேச்சைத் தாளில் இறக்குவது செல்பேசியோடு பிறந்த பழக்கம் இல்லை. செலின் 1932இல் வெளியிட்ட முதல் நாவலிலேயே பேச்சு மொழியைக் கதைசொல்லியின் குரலாக்கினார். ரெமோன் கெனோ 1959இல் எழுதிய ‘மெட்ரோவில் ஸாஸி’ நாவல், ஒரு முழுக் கேள்வியை ஒரே சொல்லாக ஒட்டி, காதில் விழுந்தபடி எழுதிய எழுத்துக்கூட்டோடு தொடங்குகிறது. படித்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அது எழுத்தாளரின் விளையாட்டு. சாதாரண மனிதர் கையில் அது வந்து சேர்ந்தது குறுஞ்செய்தி வந்த பிறகுதான்.

குறுஞ்செய்திக்கு 160 எழுத்து எல்லை. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. é, è, à, ù ஆகியவை அடிப்படை எழுத்துத் தொகுதியில் இருந்தன. தொப்பி போட்ட ê இல்லை. அதைத் தட்டினால் முழுச் செய்தியும் வேறு குறிமுறைக்கு மாறி எல்லை 70 எழுத்தாகச் சுருங்கலாம். தமிழில் செய்தி அனுப்பினால் 70 எழுத்தோடு நின்றுவிட்ட அதே காரணம்தான். நம் ஆட்கள் ஆங்கில எழுத்தில் ‘enna panra’ என்று தட்டப் பழகியதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே தொப்பிகள் கழன்றன, இங்கே எழுத்துருவே கழன்றது.

பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் பொதுமக்களிடம் குறுஞ்செய்திகளைத் தானமாகக் கேட்டு வாங்கி, 30,000 செய்திகளைத் தொகுத்தார்கள். 2011இல் மொம்பெலியேயில் நடந்த இதேபோன்ற திரட்டலில் 88,000க்கு மேல் சேர்ந்தது. இப்படிப்பட்ட செய்திகளில் இரண்டு வகைச் சுருக்கம் கலந்து கிடப்பதைப் பார்க்கலாம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ‘இளைஞர்கள் மொழியைக் கெடுக்கிறார்கள்’ என்ற புலம்பல் வருகிறது.

ஒரு வகை கையை மிச்சப்படுத்துவது. ‘slt’ என்பது ‘salut’, ‘ds’ என்பது ‘dans’, ‘pr’ என்பது ‘pour’. உயிர்களைத் தூக்கிவிட்டு எலும்புக்கூட்டை நிறுத்துகிறார்கள். இவற்றை யாரும் அப்படி உச்சரிப்பதில்லை. படிக்கும்போது முழுச் சொல்லாகத்தான் வாசிப்பார்கள். எழுத்தின் பெயரையே சொல்லாக்கும் ‘c’ (c'est), ‘g’ (j'ai) போன்றவையும் இந்த வகைதான். இன்னொரு வகை நாக்கு ஏற்கெனவே செய்துவிட்டதை எழுதிவைப்பது. ‘t'as’, ‘y a’, ‘chuis’ எல்லாம் இதில் சேரும். முதல் வகை செல்பேசியின் குழந்தை. பெரிய விசைப்பலகையும், தானே சொல்லை நிரப்பித் தரும் வசதியும் வந்ததும் அதன் அவசியம் குறைந்துவிட்டது. இரண்டாவது வகைக்கு எழுத்தெல்லை ஒரு பொருட்டே இல்லை. எழுத்தெல்லை தளர்ந்த வாட்ஸ்அப்பிலும் ‘t'as’ குறையவில்லை, ஏனென்றால் ‘tu as’இலிருந்து அது மிச்சப்படுத்துவது ஒரே ஒரு தட்டைத்தான். அது வருவது இடத்தை மிச்சம் பிடிக்க இல்லை, எதிரில் உட்கார்ந்து பேசுவது போல் இருக்க வேண்டும் என்பதற்காக.

இரண்டு வகைக்கும் நடுவே நிற்பவையும் உண்டு. ‘tkt’ என்பது ‘t'inquiète’, கவலைப்படாதே. இதன் முழு வடிவம் ‘ne t'inquiète pas’. நாக்கு முதலில் ‘ne’யையும் ‘pas’யையும் கழற்றிப் போட்டது, பிறகு விரல் உயிர்களைக் கழற்றிப் போட்டது. மறுப்பைக் காட்டும் ஒரு சொல்லும் இல்லாமலே மறுப்பு நிற்கிறது. சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் ‘கவலைப்படு’ என்று வரும். இங்கே t', ‘tu’ அல்ல, ‘te’.

யாரிடம் எதை எழுதலாம் என்ற கேள்விக்குத் தமிழருக்கு விடை பாதி தெரியும். ‘t'as’ என்பதில் மேற்கொம்பைவிட முக்கியமானது, அதற்குள் இருக்கும் ‘நீ’. பிரெஞ்சுத் தூதரகத்துக்கோ கல்லூரி முதல்வருக்கோ ‘நீங்கள்’, அதாவது ‘vous’ போட வேண்டும் என்றானபின் ‘t'as’க்கு அங்கே வேலையே இல்லை. ‘vous avez’ பேச்சில் ‘z'avez’ என்று தேய்வதுண்டு. அதை யாரும் மனுவில் எழுத மாட்டார்கள். ‘y a’ இப்படி ஆளைப் பார்ப்பதில்லை. பேச்சில் அமைச்சர் வாயிலும் வரும். ஆனால் கடிதத்தில் ‘il y a’ என்று முழுசாக நிற்க வேண்டும். மறுப்பில் ‘ne’யும் திரும்பி வர வேண்டும். ‘chuis’ சிநேகிதருக்கும் கூடப் பிறந்தவருக்கும் மட்டும்.

அலியான்சில் டெல்ஃப் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு இதன் இன்னொரு பக்கம் தெரிந்திருக்க வேண்டும். எழுத்துத் தாளில் இந்தச் சுருக்கங்களைப் போட்டால் மதிப்பெண் போகும். ஆனால் ஒலிப்பதிவைக் கேட்டு விடை எழுதும் பகுதியில், இயல்பான உரையாடல் வந்தால் ‘யா’ என்பது ‘il y a’ என்றும் ‘ஷே பா’ என்பது ‘je ne sais pas’ என்றும் பிடிபடாதவர்கள் அங்கே மதிப்பெண்ணை இழப்பார்கள். எழுதக் கூடாததைக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். தொலைக்காட்சித் தொடரைப் பிரெஞ்சு வசன வரிகளோடு பார்த்தால் ஒரு வசதி: வரியில் பெரும்பாலும் ‘je ne sais pas’ என்று முழுதாக ஓடும், காதில் ‘ஷே பா’ விழும். இரண்டையும் பொருத்திக்கொண்டே போகலாம்.

சாரத்துப் பெரியவர் இப்போது அந்த மூன்று வரியையும் படித்துவிட முடியும். ‘வணக்கம் மாமா, ரயிலில் இருக்கிறேன். அம்மாவோடு போனில் பேசினீங்களா? ஞாயிற்றுக்கிழமைக்கு இடம் தீர்ந்துபோச்சு, மன்னிச்சுடுங்க.’ தமிழில் எழுதினால் மருமகன் ‘பேசினீங்களா’ என்பான், பிரெஞ்சில் ‘t'as’ என்கிறான். மரியாதைக் குறைவு இல்லை. பிரான்சில் இன்று பெரும்பாலான வீடுகளில் மாமாவும் ‘tu’தான். பெரியவர் பதிலுக்கு ‘chuis’ என்று தட்ட வேண்டியதில்லை. ‘Oui, je l'ai eue hier. Bon voyage.’ என்று புள்ளி வைத்து, ‘eue’வில் அம்மாவுக்கான பெண்பால் e-யையும் விடாமல் எழுதி அனுப்பலாம். அந்த e ஒலிக்காது. மருமகனாக இருந்தால் அதை அநேகமாக விட்டிருப்பான்.